களிமண்ணில் ஒரு பேரரசு

மாணவ நண்பர்களே, உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு களிமண் வில்லையில் எழுதியிருக்கும் கணக்கைச் சரிபார்ப்போமா?

"அப்பதேமா 11 பார் மாவு பெற்றுக்கொண்டான். அவனுக்கு நாளொன்றுக்கு 7 பார். உடன் வந்த 20 ஆட்களுக்குத் தலைக்கு 2 கா. அரசரின் முத்திரைச் சீட்டு வைத்திருந்தான். இந்தியாவிலிருந்து புறப்பட்டு சூசாவுக்குச் சென்றார்கள்." இதுதான் அதன் சாரம். 'கா' என்பது ஏறத்தாழ ஒரு லிட்டர் கொண்ட அளவு. பத்து கா சேர்ந்தால் ஒரு 'பார்'. இருபது ஆட்களுக்கு 40 கா, அதாவது 4 பார். அதனுடன் 7 பாரைக் கூட்டுங்கள். பதினொன்று வருகிறதல்லவா?

இது கி.மு. 499இல், பாரசீகப் பேரரசர் முதலாம் டேரியஸ் காலத்தில் எழுதப்பட்டது. சிந்து நதி முதல் ஏஜியன் கடற்கரை வரை பரவியிருந்த பேரரசு அது. 1933இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தார் பெர்சிபொலிஸ் நகரின் கோட்டைச் சுவரருகே அகழ்ந்தபோது, இத்தகைய வில்லைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன.

அப்பதேமா பணமூட்டை சுமந்து செல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். சாலையோரத் தங்கல் மனைகளில் அரசாங்கத் தானியம் இருந்தது. பயணி முத்திரைச் சீட்டைக் காட்டுவான். அதில் கண்ட அளவுப்படி பண்டசாலைக்காரர் அளந்து கொடுப்பார். உடனே ஈரக் களிமண்ணில் கணக்கெழுதி, கொடுத்தவர் ஒரு பக்கமும் வாங்கியவர் மறுபக்கமும் தத்தம் முத்திரையைப் பதிப்பார்கள். வில்லை பெர்சிபொலிஸ் கணக்கர்களிடம் போய்ச் சேரும். பண்டசாலையில் மாவு குறைந்து, அதற்கு ஈடான வில்லையும் இல்லையென்றால், யாரைக் கேட்பது என்பது அவர்களுக்குத் தெரியும். (ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் மாவா என்று வியக்க வேண்டாம். அது அவன் வயிற்றுக்கு அளந்ததல்ல, பதவிக்கு அளந்தது.)

சரி, மாநில ஆளுநரே அரசருக்கு எதிராகத் திரும்பினால்? இந்த ஆளுநர்களை 'சத்ரப்' என்பார்கள். சார்டிஸ் நகரில் ஓரோயிடீஸ் என்ற சத்ரப், அரசரின் தூதனையே கொல்வித்தான். அவனைக் காக்க ஆயிரம் பாரசீக வீரர்கள் இருந்தனர். டேரியஸ் படை அனுப்பவில்லை. பகாயஸ் என்பவர் அரசரின் முத்திரையிட்ட கடிதங்களோடு மட்டும் போனார். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் கதை இது. ஒவ்வொரு சத்ரப்பிடமும் அரசர் அமர்த்திய எழுத்தர் ஒருவர் இருப்பார். அவர் கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். காவலர்கள் அவற்றை எவ்வளவு பணிவோடு கேட்கிறார்கள் என்று பகாயஸ் கவனித்துக்கொண்டே இருந்தார். பிறகு, 'ஓரோயிடீசுக்குக் காவல் நிற்காதீர்' என்ற கடிதத்தை நீட்டினார். ஈட்டிகள் கீழே இறங்கின. கடைசிக் கடிதம், அவனைக் கொல்லும்படி சொன்னது. அங்கேயே அவன் கதை முடிந்தது.

இவ்வளவுக்கும் செலவு எங்கிருந்து வந்தது? மாநிலத்துக்கு இவ்வளவு என்று டேரியஸ் வரியை வரையறுத்தார். பாபிலோனியாவும் அசீரியாவும் சேர்ந்த பகுதிக்கு ஆண்டுக்கு 1000 தாலந்து வெள்ளி என்கிறார் ஹெரோடோட்டஸ். அது ஏறத்தாழ 30 டன். வந்த வெள்ளியை உருக்கி மண்பானைகளில் ஊற்றி, ஆறியதும் பானையை உடைத்துவிடுவார்களாம். தேவைப்படும்போது வெட்டி எடுத்து நாணயமாக்கலாம். 'டாரிக்' என்ற தங்க நாணயத்தின் எடை சுமார் 8.4 கிராம், அதற்கு 20 வெள்ளி நாணயங்கள் சமம். ஆனால் இந்த நாணயங்கள் பெரும்பாலும் பேரரசின் மேற்கு ஓரத்தில்தான் புழங்கின. மற்ற இடங்களில் வெள்ளியை நிறுத்தே கொடுத்தார்கள்.

குடியானவனுக்குத் தொல்லை இங்கேதான். அவன் வயலில் விளைவது வாற்கோதுமையும் பேரீச்சையும். அரசு கேட்பதோ வெள்ளி. பாபிலோனியாவின் நிப்பூர் நகரில் முராஷு என்ற குடும்பத்தார் வெள்ளி கடன் கொடுத்து, நிலத்தை அடமானமாக எழுதி வாங்கினார்கள். அவர்களுடைய களிமண் ஆவணங்கள் 1893இல் கிடைத்தன. அந்த நிலங்களில் பல, போர் வந்தால் வில்லாளி ஒருவனை அனுப்ப வேண்டும் என்ற கடமையோடு அரசர் கொடுத்தவை. இரண்டாம் டேரியஸ் போட்டியாளர்களை வென்று அரியணை ஏறிய கி.மு. 424-423ஐ ஒட்டி, அடமானச் சீட்டுகள் திடீரெனப் பெருகியிருக்கின்றன. படைக்கு ஆள் அனுப்பும் செலவுக்காகவே குடியானவர்கள் கடன்பட்டார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அரசருக்கு வெள்ளி வந்துகொண்டுதான் இருந்தது. வயலின் பேரீச்சை மட்டும் ஆண்டுதோறும் முராஷுவின் களஞ்சியத்துக்குப் போயிற்று.