திரும்பி வந்த காய்ச்சல்: 1918-இல் பேராக் தோட்டங்கள்

அக்டோபர் அலை

1918-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மலாயாவில் ஒரு சளிக்காய்ச்சல் பரவியது. மூன்று நாள் படுத்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அக்டோபரில் அது மறுபடியும் வந்தது. இம்முறை சில வாரங்களுக்குள் மலாயா முழுவதிலும் சுமார் 35,000 பேரைக் கொன்றது. அன்றைய மக்கள்தொகையில் இது ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர்.

பேராக் மாநிலத்துக்கு அது எளிதாக வந்து சேரக் கூடிய வழிகள் ஏற்கெனவே இருந்தன. பினாங்குத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையிலுள்ள பிறையிலிருந்து தைப்பிங், சுங்கை சிப்புட், ஈப்போ வழியாகத் தெற்கே ரயில் ஓடிக்கொண்டிருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து வந்த கப்பல்கள் ஆட்களைப் பினாங்கில் இறக்கின. அங்கே ஜெரெஜாக் தீவில் தொற்றுக்காப்பு முகாம் இருந்தது. ஆனால் அந்த ஏற்பாடு அம்மையையும் வாந்திபேதியையும் மனத்தில் வைத்து அமைந்தது. சளிக்காய்ச்சல் பிடித்தவரோ உடம்பு சுடுவதற்கு ஒரு நாள் முன்பே பிறருக்குக் கிருமியைக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார். நோய் தெரிகிறவரை மட்டும் ஒதுக்கி வைத்து இதைத் தடுக்க முடியாது.

இந்த நோய் யாரைத் தேடிப் போனது என்பதும் கவனிக்க வேண்டியது. வழக்கமான சளிக்காய்ச்சலில் கைக்குழந்தைகளும் கிழவர்களும்தான் இறப்பார்கள். 1918-இல் உலகெங்கும் இறந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். முதியவர்களுக்கு இளமையில் வந்துபோன ஏதோவொரு பழைய கிருமி கொஞ்சம் பாதுகாப்புத் தந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். கங்காணி ஊருக்குப் போய் ஆள் பிடித்தபோது யாரைப் பிடித்தார்? மரம் வெட்டவும் காடு அழிக்கவும் தெம்புள்ள இளவயதினரைத்தான். தோட்டங்களில் நிறைந்திருந்த வயதும் இந்தக் கிருமி கொன்ற வயதும் ஒன்றாகவே இருந்தன.

ஒன்றல்ல, இரண்டு நோய்கள்

1918-இல் வந்தது உடனே கொல்லும் நஞ்சு போன்ற கிருமி என்று பலர் நினைக்கிறார்கள். காலையில் நன்றாக இருந்தவர் மறுநாள் இறந்துபோன நிகழ்வுகள் உண்மையிலேயே உண்டு. ஆனால் அவை குறைவு. பெரும்பாலானோர் காய்ச்சல் தொடங்கி ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் இறந்தார்கள். இந்தக் கால இடைவெளிதான் முக்கியமான தடயம்.

அந்தக் காலத்தில் இறந்தவர்களிடமிருந்து எடுத்துப் பாதுகாத்த நுரையீரல் திசுக்களை அமெரிக்க விஞ்ஞானிகள் மீண்டும் ஆராய்ந்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் பாக்டீரியாவால் வந்த நிமோனியாவின் அடையாளங்கள் இருந்தன. நடந்தது இதுதான்: இன்ஃபுளுவென்சா வைரஸ் மூச்சுக்குழாயின் உட்பூச்சைச் சிதைத்தது. தூசியையும் கிருமியையும் மேலே தள்ளிக்கொண்டிருக்கும் நுண்மயிர்கள் அந்தப் பூச்சோடு உதிர்ந்தன. அதுவரை மூக்கிலும் தொண்டையிலும் தொல்லையின்றிக் குடியிருந்த நியூமோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் அப்போது நுரையீரலுக்குள் இறங்கின. காய்ச்சல் தணிந்து நோயாளி கஞ்சி கேட்கிற நாளில் அது திரும்பி வந்தது. நெஞ்சில் குத்தல், துருநிறச் சளி, மேல்மூச்சு. பெனிசிலின் கண்டுபிடிக்கப்படவே இன்னும் பத்தாண்டுகள் இருந்தன. அது நோயாளிகளின் கைக்கு வந்தது 1940-களில்.

தோட்டத்துக்காரர்களிடம் தாராளமாக இருந்த மருந்து கொயினா. அது மலேரியாவுக்கு நல்ல மருந்து, சளிக்காய்ச்சலுக்குப் பயனற்றது. அந்த மலேரியாவே இங்கே பெரிய துணைக் குற்றவாளி. திரும்பத் திரும்ப வந்த மலேரியாவும், வெறுங்காலோடு நடந்தவர்களின் குடலில் ஒட்டிய கொக்கிப்புழுவும் தொழிலாளியின் இரத்தத்தை முன்பே வற்றச் செய்திருந்தன. இரத்தசோகை உள்ளவரின் நுரையீரல் பாதி அடைபட்டால், மீதிப் பாதி இழுக்கும் காற்றைச் சுமந்து செல்லவும் அவரிடம் போதுமான இரத்தம் இல்லை.

லயத்தில் ஒரு வாரம்

சுங்கை சிப்புட் பக்கத்தில் அன்றிருந்த ஒரு லயத்தை மனத்தில் கொண்டுவருவோம். பெயரோ கணக்கோ பதிவிலிருந்து எடுத்ததல்ல. நிலைமை புரிவதற்காக மட்டும். ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக இருபது அறைகள். அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. இடையில் பலகைச் சுவர், அதுவும் கூரையைத் தொடாது. ஓர் அறையில் மூன்று பேர் என்றால் மொத்தம் அறுபது பேர். அக்டோபர் மழை. சன்னல்கள் சாத்தியிருக்கும். உள்ளே அடுப்புப் புகை.

திங்களன்று இருவருக்குக் காய்ச்சல். ஆனாலும் விடியற்காலைப் பெரட்டுக்குப் போய் நிற்கிறார்கள். பேர் கொடுக்காவிட்டால் அன்றைய கூலி இல்லை. இன்ஃபுளுவென்சா உடம்புக்குள் போய் வெளிப்பட ஒன்றிலிருந்து நான்கு நாள்வரை ஆகும், பெரும்பாலும் இரண்டு நாள். புதன், வியாழனுக்குள் பதினைந்து பேர். அடுத்த திங்களுக்குள் நாற்பது பேர் படுத்துவிட்டார்கள். எஞ்சிய இருபது பேரில் பாதி குழந்தைகள். பத்துப் பெரியவர்கள் கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்த வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், நாற்பது பேருக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும், ஈரத் துணியைப் பிழிந்து நெற்றியில் போட வேண்டும். அவர்களையும் பால்மரக் காட்டுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்துகொண்டிருக்கும். பல தோட்டங்களைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு டிரசர், தானே படுக்காமல் இருந்தால், ஒரு நாளில் எத்தனை லயங்களை எட்ட முடியும்?

நிமோனியா வந்தவர் எல்லாரும் சாவதில்லை. மருந்தே இல்லாத காலத்திலும், தண்ணீரும் கஞ்சியும் தவறாமல் கிடைத்து, முதுகைத் தாங்கி உட்கார வைக்க ஒருவர் பக்கத்தில் இருந்தால், கணிசமானவர்கள் பிழைத்தார்கள். லயத்தில் எல்லாரும் ஒரே வாரத்தில் விழுந்ததால் அந்த ஒருவர் கிடைக்கவில்லை. அதுவே பல உயிர்களைக் கொண்டுபோனது என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரே கிருமி, வேறு வேறு சாவு

இப்படி எண்ணுவதற்குக் காரணம் பம்பாய் நகரின் கணக்கு. 1918-இல் அங்கே ஐரோப்பியர்களில் ஆயிரத்துக்கு 8.3 பேர் இந்தக் காய்ச்சலால் இறந்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதி இந்துக்களில் ஆயிரத்துக்கு 61.6 பேர். ஊரும் ஒன்று, கிருமியும் ஒன்று; சாவு மட்டும் ஏழு மடங்குக்கு மேல். இடையில் இருந்தவை வீட்டின் நெருக்கமும், தட்டில் இருந்த சோறும், பார்த்துக்கொள்ள ஆள் இருந்ததும் இல்லாததும்தான். அந்த ஆண்டு இந்தியாவில் பருவமழையும் பொய்த்திருந்தது. இந்தியா முழுவதிலும் இறந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். உலகில் வேறெந்த நாடும் அவ்வளவு இழக்கவில்லை.

பசிபிக் கடலில் இன்னொரு சான்று. 1918 நவம்பரில் ‘டலூன்’ என்ற கப்பல் மேற்குச் சமோவாவில் நோயாளிகளை இறக்கியது. அத்தீவுகளின் மக்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள். எல்லாரும் ஒருசேரப் படுத்ததால் சமைக்கவும் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை. அருகிலிருந்த அமெரிக்கச் சமோவாவில் ஆளுநர் ஜான் போயர் வந்த கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார். அங்கே ஒருவர்கூட இறக்கவில்லை. தடுப்பது தீவுக்குச் சாத்தியம். ரயிலும் துறைமுகமும் ஈயமும் ரப்பரும் ஓடிக்கொண்டிருந்த கிந்தா பள்ளத்தாக்குக்கு அந்த வழி கிடையாது. அங்கே கையில் இருந்த வழிகள் நோயாளியைப் பெரட்டுக்கு இழுக்காமல் இருப்பதும், நெருக்கத்தைக் குறைப்பதும், கவனிக்க ஆள் வைப்பதும்தான்.

கிருமியே தெரியாமல் நடந்த போர்

அன்றைய மருத்துவர்கள் தவறான எதிரியைத் துரத்தினார்கள். 1892-இல் ரிச்சர்ட் ஃபைஃபர் சொன்ன ஒரு பாக்டீரியாதான் இன்ஃபுளுவென்சாவுக்குக் காரணம் என்று பலரும் நம்பினார்கள். மனிதரின் இன்ஃபுளுவென்சா வைரஸ் லண்டனில் பிரித்தெடுக்கப்பட்டது 1933-இல்தான். அதன்பிறகே தடுப்பூசிக்கு வழி பிறந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 1952-இல் நாடுகளின் ஆய்வகங்களை இணைத்து ஒரு கண்காணிப்பு வலையை அமைத்தது. கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இன்று அந்த வலையில் நம் நாட்டின் கண்ணாக இருக்கிறது. 1957-இல் ஆசியச் சளிக்காய்ச்சல் பரவியபோது இந்தப் பக்கத்திலிருந்தே கிருமி பிரித்தெடுக்கப்பட்டது. அந்த வகைக்குச் சிங்கப்பூரின் பெயரே வைக்கப்பட்டது. அப்போது பெனிசிலினும் கையில் இருந்தது.

தோட்டங்களின் நலம் பற்றிய விசாரணை மெதுவாகத்தான் நகர்ந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டச் சுகாதாரத்தை ஆராய்ந்த ஆணையம் அறிக்கை தந்தது 1924-இல். அக்டோபர் அலை ஓய்ந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நான்காம் நாளிலிருந்து கவனியுங்கள்

இன்று புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் தோட்டத்தை விட்டு வந்த முதியவர்கள் பலர் அடுக்குமாடி வீடுகளில் தனியாக இருக்கிறார்கள். அவர்களுக்குச் சளிக்காய்ச்சல் வந்தால் முதல் இரண்டு நாள் எல்லாரும் விசாரிப்பார்கள். உண்மையில் போய்ப் பார்க்க வேண்டியது நான்காம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை. தணிந்த காய்ச்சல் மறுபடியும் ஏறினால், அல்லது இருமல் மாறி நெஞ்சு குத்தினால், அன்றே கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள். அது நிமோனியாவாக இருக்கலாம்; அதற்கு இப்போது ஆன்டிபயாட்டிக் உண்டு. வெறும் சளிக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்குவதில் பயனில்லை. அதற்குரிய ஒசெல்டாமிவிர் மாத்திரையை மருத்துவர் எழுதித் தந்தால், காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பதே நல்லது. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

பெரியவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். 30-ஐத் தொட்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள். 1918-இன் மருத்துவக் குறிப்புகள் முகம் ஊதாநிறமாக மாறியதைச் சொல்கின்றன. அவை பெரும்பாலும் வெள்ளைத்தோல் சிப்பாய்களைப் பார்த்து எழுதியவை. நம் தோலில் அது எளிதில் தெரியாது. நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் கருத்த தோலில் சற்றுக் கூடுதலாகக் காட்டும் என்று தெரியவந்திருக்கிறது. 94 காட்டினாலே மருத்துவமனைக்குப் போங்கள். எண் நன்றாக இருந்து ஆள் திணறினால், ஆளை நம்புங்கள்.

கிருமி உருமாறிக்கொண்டே இருப்பதால் சளிக்காய்ச்சல் ஊசியை ஆண்டுதோறும் போட வேண்டும். பாதுகாப்பு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். நம் நாட்டில் குளிர்காலம் என்ற ஒன்று இல்லாததால் ஆண்டு முழுவதும் இந்தக் காய்ச்சல் சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே நல்ல மாதம் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. நியூமோகாக்கஸுக்கான ஊசி 2020 முதல் பிறந்த குழந்தைகளுக்கு அரசின் தடுப்பூசித் திட்டத்திலேயே இருக்கிறது. முதியவர்கள் அதைப் பற்றி மருத்துவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். 1918-இல் மிக அதிகமாக இறந்தவர்களில் கர்ப்பிணிகளும் அடக்கம். சளிக்காய்ச்சல் ஊசியைக் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போட்டுக்கொள்ளலாம். ஆறு மாதம் ஆகும்வரை ஊசி போட முடியாத கைக்குழந்தைக்கும் தாயிடமிருந்தே அந்தப் பாதுகாப்புப் போகிறது.