உபபதத்துக்கு ஏழில் சனி: நேரு ஜாதகத்தில் ஒரு கல்யாணக் கணக்கு

வரன் பார்க்க ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போனால், நம் ஊர் ஜோசியர் முதலில் ஏழாம் இடத்தைப் பார்ப்பார். அடுத்து சுக்கிரன், செவ்வாய் தோஷம், பத்துப் பொருத்தம் என்று போகும். ஜைமினி முறை படித்தவர்கள் இவற்றோடு இன்னொரு கட்டத்தையும் குறித்துக்கொள்வார்கள். அதுதான் உபபத லக்னம். பராசர ஹோரையிலும் இதற்குத் தனி அத்தியாயம் உண்டு.

உபபதம் என்பது பன்னிரண்டாம் இடத்தின் ஆரூடம். பன்னிரண்டு செலவுக்கும் சயன சுகத்துக்கும் உரிய இடம். நம்மிடமிருந்து பிறருக்குப் போவதைக் காட்டுவது. அந்த இடம் வெளியுலகில் எந்த உருவில் தெரிகிறது என்பதை அதன் ஆரூடம் காட்டும். ஊரறிய நடக்கும் கல்யாணத்தை அதில் பார்ப்பது அதனால்தான்.

கணக்கு கடினமில்லை. பன்னிரண்டாம் ராசியை ஒன்று என்று வைத்து, அதன் அதிபதி நிற்கும் ராசி வரை எண்ணவேண்டும். எத்தனை வந்ததோ, அதிபதி நிற்கும் ராசியிலிருந்து மறுபடி அத்தனை எண்ணினால் நிற்கும் இடம் உபபதம். ஒரே ஒரு விதிவிலக்கு: எண்ணிக்கை புறப்பட்ட ராசியிலேயே முடிந்தாலும், அதற்கு ஏழாவதில் முடிந்தாலும், முடிந்த இடத்திலிருந்து பத்தாவது ராசியை எடுக்கவேண்டும்.

கிடைத்த உபபதத்திலிருந்து இரண்டு இடங்களைப் பார்க்கிறார்கள். ஏழாம் இடம், கைப்பிடித்த துணை எப்படிப்பட்டவர் என்பதற்கு. இரண்டாம் இடம், அந்தக் கல்யாணம் எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் அதிகம் நடக்கிற தவறு. ஏழில் ஒரு பாபக் கிரகத்தைக் கண்டதும் ‘கல்யாணம் நிலைக்காது’ என்று சொல்லிவிடுகிறார்கள். ஏழாம் இடம் துணையின் சுபாவத்தையும் உடம்பையும் சொல்லும். பந்தம் நீடிப்பதை இரண்டாம் இடத்தில்தான் தேடவேண்டும்.

ஜவாஹர்லால் நேருவின் ஜாதகத்தில் இதைப் போட்டுப் பார்க்கலாம். அவர் 1889 நவம்பர் 14 இரவு அலகாபாத்தில் பிறந்தவர். ஜோதிட நூல்களில் வழக்கமாகத் தரப்படும் கட்டம் இது: கடக லக்னம், அதில் சந்திரன். சிம்மத்தில் சனி, கன்னியில் செவ்வாய், துலாத்தில் புதனும் சுக்கிரனும், விருச்சிகத்தில் சூரியன், தனுசில் குருவும் கேதுவும், மிதுனத்தில் ராகு.

கடகத்துக்குப் பன்னிரண்டு மிதுனம். அதிபதி புதன் துலாத்தில் இருக்கிறார். மிதுனத்திலிருந்து எண்ணினால் துலாம் ஐந்தாவது. துலாத்திலிருந்து ஐந்து எண்ணினால் கும்பம். ஆக, உபபதம் கும்பம், அதற்கு ஏழு சிம்மம், இரண்டு மீனம்.

முதலில் ஏழாம் இடம். சிம்மம் சூரியனின் வீடு. தலைநிமிர்வும் பிடிவாதமும் உள்ள துணையைச் சொல்லும். அதில் சனி உட்கார்ந்திருக்கிறார். சனி இருந்தால் பொறுமை, கடமை, தனிமை, நீடித்த நோய் என்று பலன் சொல்வது மரபு. 1916-ல் நேருவைக் கைப்பிடித்த கமலா கூச்ச சுபாவம் உள்ள பெண்ணாகத்தான் ஆனந்த பவனத்துக்குள் நுழைந்தார். பின்னாளில் அவரே அந்நியத் துணிக்கடைகள் முன் மறியலுக்குப் பெண்களைத் திரட்டினார், சிறைக்கும் போனார். கூடவே காசநோய் அவரை விடவில்லை. சிம்மத்தையும் சனியையும் சேர்த்துப் படித்தால் இந்த இரண்டு முகங்களும் அதில் இருக்கின்றன.

அடுத்தது இரண்டாம் இடமான மீனம். அங்கே கிரகம் எதுவும் இல்லை. அதிபதி குரு தனுசில் ஆட்சி பெற்றிருக்கிறார், கேதுவோடு. ஜைமினி முறையில் ராசிகள்தான் ஒன்றையொன்று பார்க்கும். உபய ராசிகள் மற்ற மூன்று உபய ராசிகளையும் பார்க்கும். அதன்படி மீனத்தின் மேல் கன்னிச் செவ்வாய், மிதுன ராகு, தனுசிலிருந்து குரு, கேது ஆகிய நால்வரின் பார்வையும் விழுகிறது. அதிபதியே பலத்தோடு தன் வீட்டைப் பார்ப்பது பந்தத்துக்குக் காவல். கூடப் பார்க்கும் மூன்று பாபர்களும் அதற்கு எதிர்.

வாழ்க்கையில் நடந்ததும் கலவைதான். கல்யாணம் முறியவில்லை. ஆனால் நேருவின் சிறைவாசங்களும் கமலாவின் சிகிச்சைகளும் இருவரையும் மாதக்கணக்கில் பிரித்து வைத்தன. 1935-ல் கமலாவின் உடல்நிலை மோசமானபோது அல்மோரா சிறையிலிருந்து நேருவை விடுவித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1936 பிப்ரவரி 28 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கமலா இறந்தார். நேரு மறுமணம் செய்துகொள்ளவில்லை.

இவ்வளவு அழகாகப் பொருந்துகிறதே என்று மயங்குவதற்கு முன் ஒரு விஷயம். முடிவு தெரிந்த கதைக்குக் கட்டத்தில் காரணம் தேடுவது சுலபம். அதே மீனத்தைப் பார்த்து, குரு பலமாக இருப்பதால் தம்பதி அறுபதாம் கல்யாணம் கொண்டாடுவார்கள் என்று 1916-ல் ஒருவர் சொல்லியிருந்தாலும் விதிப்படி அவரைக் குறை சொல்ல முடியாது.

கணக்கிலேயே பாடபேதமும் இருக்கிறது. லக்னம் ஒற்றை ராசியானால் பன்னிரண்டாம் இடத்தையும், இரட்டை ராசியானால் இரண்டாம் இடத்தையும் வைத்து உபபதம் எடுக்கவேண்டும் என்பது ஒரு சாராரின் கொள்கை. கடகம் நான்காவது ராசி, அதாவது இரட்டை. அவர்கள் கணக்கில் நேருவுக்குச் சிம்மத்திலிருந்து எண்ணவேண்டும். அதிபதி சூரியன் நான்காவதான விருச்சிகத்தில். அங்கிருந்து நான்கு எண்ணினால் கும்பம். அது சிம்மத்துக்கு ஏழாவதாகிவிட்டதால் விதிவிலக்கு வருகிறது. கும்பத்துக்குப் பத்தாவதான விருச்சிகம் உபபதமாகிறது. ஏழாம் இடம் ரிஷபம். அதிபதி சுக்கிரன் துலாத்தில் ஆட்சி. இப்படிப் பார்த்தால் ஏழாம் இடத்தில் சனி இல்லை, ஜைமினி பார்வையும் இல்லை. துணையைப் பற்றிய பலன் அழகு, இனிமை, சௌகரியம் என்று வேறு திசைக்குப் போய்விடும்.

பிறந்த நேரம் பிசகினாலும் இதே கதைதான். லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ராசி மாறும். சந்தியில் பிறந்தவர்களுக்குச் சில நிமிஷ வித்தியாசத்தில் உபபதம் எங்கோ போய் நிற்கும். ஆஸ்பத்திரிச் சீட்டில் முழு மணியாக எழுதிய நேரத்தை நம்பி இதில் இறங்குவது சரியில்லை.

அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் உபபதத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவதில்லை. லக்னத்துக்கு ஏழாம் இடம் சொல்வதை உபபதமும் சொல்கிறதா என்று ஒத்துப்பார்ப்பார்கள். நேரு ஜாதகத்தில் லக்னத்துக்கு ஏழு மகரம், அதன் அதிபதி சனி. உபபதமான கும்பத்துக்கும் அதிபதி சனி. உபபதத்துக்கு ஏழில் நிற்பதும் சனி. ஒரே கிரகம் மூன்று வழியாக வந்து நிற்கும்போதுதான் அந்தப் பலனை அழுத்திச் சொல்ல அவர்கள் துணிகிறார்கள். உபபதம் ஒரு பக்கமும் ஏழாம் அதிபதி வேறு பக்கமும் இழுத்தால், அதை வைத்து ஒரு நல்ல சம்பந்தத்தைத் தட்டிக்கழிக்க ஜோதிட விதிகளே இடம் கொடுப்பதில்லை.