பொது அளவு அறிக்கையும் போக்குப் பகுப்பாய்வும்

ஒரு நிறுமத்தின் பல ஆண்டுக் கணக்குகளை ஒப்பிட இரு முறைகள் சேர்ந்து பயன்படுகின்றன. பொது அளவு அறிக்கையில் ஒவ்வோர் ஆண்டின் விற்பனையும் 100 எனக் கொள்ளப்பட்டு, மற்ற இனங்கள் அதன் சதவீதமாக எழுதப்படும். இருப்புநிலைக் குறிப்பில் மொத்தச் சொத்து 100 ஆகும். போக்குப் பகுப்பாய்வில் அடிப்படை ஆண்டின் ஒவ்வோர் இனமும் 100 ஆகும். பிற ஆண்டுகளின் தொகைகள் அதனோடு ஒப்பிடப்படும்.

எடுத்துக்காட்டாக, ஒரு நிறுமத்தின் முதல் ஆண்டு விற்பனை ரூ.10 இலட்சம், மூலப்பொருள் செலவு 6, பிற செலவு 3, இலாபம் 1 இலட்சம். மூன்றாம் ஆண்டில் விற்பனை 15, மூலப்பொருள் 10.5, பிற செலவு 3.3, இலாபம் 1.2 இலட்சம்.

போக்கு எண்கள்: விற்பனை 150, மூலப்பொருள் 175, பிற செலவு 110, இலாபம் 120. இலாபம் வளர்ந்ததாகவே தோன்றும். ஆனால் பொது அளவில் இலாபம் 10%-இலிருந்து 8% ஆகக் குறைந்துள்ளது. மூலப்பொருளின் பங்கு 60%-இலிருந்து 70% ஆக உயர்ந்ததே காரணம். விற்பனையைவிட அது வேகமாக ஏறியதை 175 என்ற எண் காட்டுகிறது.

பிற செலவின் பங்கு 30%-இலிருந்து 22% ஆனதைச் சிக்கனம் எனக் கொள்ளக்கூடாது. அச்செலவும் 10% கூடியுள்ளது; விற்பனை அதைவிட அதிகம் கூடியதால் பங்கு சுருங்கியது.

அடிப்படை ஆண்டு இயல்பானதாக இருக்க வேண்டும். முதல் ஆண்டு இலாபம் ரூ.20,000 மட்டுமே எனில், அதே 1.2 இலட்சம் 600 எனக் காட்டும். அவ்வாண்டு நட்டமெனில் இலாபத்திற்குப் போக்கு எண் பொருள் தராது.