சின்னம்மா வீட்டில் ஓர் இரவு

தாய் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரிக்குச் செல்லும்போது மூத்த பிள்ளையை எங்கே விடுவது? பெரியம்மா வீட்டிலோ சின்னம்மா வீட்டிலோ விடலாம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால், ஒருநாளும் வேறு வீட்டில் உறங்கியறியாத நாலு வயதுப் பிள்ளையின் நிலையை எண்ணிப் பார்ப்போமாக. ஓர் இரவில் தாயையும் வீட்டையும் பிரிகிறது. திரும்பி வரும்போது தாயின் மடியில் வேறொரு குழந்தை கிடக்கிறது. இவ்விரண்டையும் அது ஒன்றாக முடிச்சிட்டு, தன்னைத் தள்ளிவிட்டார்கள் என்றே கொள்ளும். ஆதலின் அந்த முதல் இரவை, பிரசவத்துக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னரே, அவசரமில்லாத ஒரு நாளில் பழக்கிவிடுதல் நன்று.

இதனை நாம் அறிந்தது எம் தவறினாலேயே. எம் மூத்த மகளுக்கு அப்போது நாலரை வயது. கோண்டாவிலில் உள்ள அவளுடைய சின்னம்மா வீட்டுக்கு அழைத்துச் சென்றோம். கோழிக்குஞ்சுகளோடு அவள் விளையாடிக்கொண்டிருந்த வேளையில், சொன்னால் அழுவாளே என்றெண்ணி, ஓசைப்படாமல் வெளியேறினோம். விளக்கேற்றும் வரை குறையொன்றுமில்லை. பின்னர், “அம்மா எங்கை?” என்று தொடங்கிய அழுகை நள்ளிரவு கடந்தும் ஓயவில்லை. நாமே சென்று அழைத்து வந்தோம். அதன்பின் மூன்று வாரங்கள், தாய் கிணற்றடிக்குப் போனாலும் சேலைத் தலைப்பைப் பிடித்தபடியே அவள் நின்றாள். விளையாட்டில் கண் வைத்தால் தாய் மறைந்துவிடுவாள் என்பதே அன்று அவள் கற்ற பாடம்.

ஒரு மாதத்தின் பின் மீண்டும் முயன்றோம். இம்முறை, முதலில் ஒருநாள் இருட்டும் வரை அங்கே அவளுடன் இருந்தோம். படுக்கப்போகும் இடத்தைக் காட்டினோம். முற்றத்துக்கு அப்பால் இருந்த மலசலகூடத்துக்குச் சின்னம்மாவே அவளை ரோச் வெளிச்சத்தில் அழைத்துச் சென்றார். எம் வீட்டுக்கு மதில்; அங்கேயோ பனையோலை வேலி. காற்றில் அவ்வோலை சரசரப்பதைக் கேட்கச் செய்து, இன்ன ஓசையென்று சொல்லிவைத்தோம். பகலில் பழகிய வீடு இரவில் வேறு வீடாகிவிடும். பிள்ளை அஞ்சுவது அந்த இரவு வீட்டுக்கே.

உறங்குமுன் எம் வீட்டில் நிகழ்வனவற்றை, கால் கழுவுவது முதல் கதை சொல்லி விளக்கணைப்பது வரை, என் மனைவி தங்கைக்கு வரிசையாகச் சொன்னார். போர்த்துக்கொள்ளத் தம் பழைய சேலையொன்றைத் துவைக்காமலே கொடுத்தார். தாயின் மணம் அதில் இருக்குமல்லவா?

“நாளை ஒன்பது மணிக்கு வருவோம்” என்றால் அவ்வயதுப் பிள்ளைக்குப் பொருள் விளங்காது. ஆகவே, “இரவு நித்திரை, விடியப் புட்டு, பிறகு கோழிக்குத் தீன், அதற்குப் பிறகு அப்பா” என்று விரல்மடித்துச் சொல்லிக் கொடுத்தோம். விடைபெறும்போது முகம் பார்த்துச் சொல்லி, தயங்கி நில்லாமல் புறப்பட்டோம். படுக்கும் வேளையில் தாயின் குரல் கேட்டால் அடங்கியிருந்த ஏக்கம் கிளரும் என்பதால், தொலைபேசியில் அந்தியிலேயே பேசி முடித்தோம்.

வீட்டுக்காரரிடம் மறையாமல் சொல்லவேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஐந்து வயதிலும் ஏறக்குறைய ஏழு பிள்ளைகளில் ஒன்று இரவில் படுக்கையை நனைப்பது இயல்பே. புதிய இடத்தில், நனைக்காத பிள்ளையும் நனைக்கக்கூடும். விரிப்பின் கீழ் றப்பர் சீலை இடுவதும், நனைந்தால் மற்றப் பிள்ளைகள் காணுமுன் சத்தமின்றி மாற்றிவிடுவதும் போதும். ஒருமுறை சிரித்துவிட்டால் பிள்ளை அவ்வீட்டுக்கு மறுபடி போக இசையாது.

அழுதால் என் செய்வது? “அம்மா இப்ப வருவா” என்று பொய் சொல்லலாகாது. பக்கத்தில் இருந்து, நித்திரை, புட்டு, கோழி, அப்பா என்ற வரிசையையே மெதுவாகச் சொல்லவேண்டும். தேற்றத் தேற்ற அழுகை இடையிடையே தணியுமாயின் பொறுத்திருக்கலாம். அரைமணி கடந்தும் ஏறிக்கொண்டே போனால் எந்நேரமாயினும் எம்மை அழைக்கும்படி கூறினோம். இது பெரியவர்களுக்கிடையிலான ஏற்பாடு. பிள்ளைக்கு முன்கூட்டிச் சொன்னால், அழவேண்டிய இடம்தான் போலும் என்று அது எண்ணிவிடும். அழைத்து வர நேர்ந்தாலும் ஏசலாகாது.

அன்றிரவு அவள் ஒருமுறை விழித்தாள், சிறிது விம்மினாள், “புட்டுக்குப் பிறகு என்ன?” என்று கேட்டுவிட்டு உறங்கினாள். காலையில் கோழிகளுக்குத் தீன் போட்டு முடியுமுன்பே நாம் படலையடியில் நின்றோம். எம்மைக் கண்டதும் ஓவென்று அழுதாள். அது தோல்வியன்று, இரவெல்லாம் அடக்கியதை உரியவரிடம் இறக்கிவைத்தாள்.

இரண்டு மாதங்களின் பின் தம்பி பிறந்தான். அப்போது இரண்டு இரவுகள் அவள் அங்கே தங்கினாள். இம்முறை விரல்மடித்து வரிசை சொன்னவள் அவளே, கேட்டிருந்தவர் சின்னம்மா.