பக்கெட் தண்ணீரால் வந்த வினை!
மேன்சன் அறையில் 2 வாலிபர்கள் கைகலப்பு: மேனேஜர் செய்த சமரசம்

சென்னை திருவல்லிக்கேணி. சேப்பாக்கம் மைதானத்துக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு மேன்சன். இரண்டாவது மாடியில் மூன்று கட்டில் போட்ட அறை. காலை 9 மணிக்கு அங்கே "தடால்" என்று சத்தம். பக்கெட் ஒன்று வராந்தாவில் வந்து விழுந்தது. பின்னாலேயே இரண்டு வாலிபர்கள் கட்டிப் புரண்டார்கள்!

அக்கம்பக்கத்து அறைக்காரர்கள் ஓடி வந்து விலக்கி விட்டார்கள்.

சண்டை எதற்கு? ஒரு பக்கெட் தண்ணீருக்கு!

அந்த மேன்சனில் காலை 5 மணி முதல் 7 மணி வரைதான் குழாயில் தண்ணீர். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கும் வாலிபர் இரவு 1 மணிக்குத்தான் அறைக்குத் திரும்புவார். குளிக்கப் பிடித்து வைத்திருந்த தண்ணீரை, தி.நகர் துணிக்கடையில் வேலை பார்க்கும் வாலிபர் எடுத்துக் குளித்துவிட்டுக் கிளம்பத் தயாரானார். தூங்கி எழுந்தவர் காலி பக்கெட்டைப் பார்த்தார். அவ்வளவுதான்!

"ரெண்டு பேரையும் காலி பண்ணச் சொல்லுங்க" என்று பக்கத்து அறைக்காரர்கள் கொதித்தார்கள். மேனேஜர் அண்ணாச்சி அசையவில்லை. "கோபம் ஆறட்டும்" என்று ஒரு நாள் விட்டுவிட்டார்.

தனித்தனி விசாரணை

மறுநாள் மூவரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். யார் மேல் தப்பு என்று கேட்கவில்லை. "உனக்கு எது பொறுக்கலை? ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. மூன்றாவது வாலிபர் சர்க்கார் வேலைத் தேர்வுக்குப் படிப்பவர். அவருடைய செல்போன் 4 மணிக்கு அடிக்கும், 4.10க்கு அடிக்கும், 4.20க்கும் அடிக்கும். அவர் எழுவதற்குள் மற்ற இருவரும் எழுந்து விடுவார்கள்! துணிக்கடைக்காரர் இரவு 11 மணிக்கு மேல் சத்தமாக சினிமா பார்ப்பார். சாப்பாடு டெலிவரிக்காரர் 1 மணிக்கு வந்ததும் டியூப் லைட்டைப் போடுவார். மூன்று மாதக் கடுப்பு பக்கெட்டில் வந்து வெடித்திருக்கிறது.

"பேச்சு நின்னு, சோப்பைப் பெட்டியில வச்சுப் பூட்ட ஆரம்பிச்சா சண்டை வரப்போவுதுன்னு அர்த்தம் தம்பி. நான் அப்பவே கவனிச்சிருக்கணும்" என்றார் அண்ணாச்சி நம்மிடம்.

முறை வைத்தது ஏன் பலிக்கவில்லை?

அறையைக் கூட்ட அவர்கள் ஏற்கெனவே முறை வைத்துப் பார்த்தவர்கள்தான். ஒரே வாரத்தில் படுத்து விட்டது. காரணம், ஒருவர் வேலைக்குப் போகும் நேரத்தில் இன்னொருவர் தூங்குவார். தவிர, "சுத்தம்" என்றால் என்ன என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை. ஒருவருக்குத் தரை கூட்டினால் சுத்தம். இன்னொருவருக்கு எச்சில் டம்ளர் கிடந்தாலே நரகம்!

அண்ணாச்சி நேரத்தைப் பார்த்து வேலையைப் பிரித்தார். விடியலில் விழித்திருக்கும் படிப்பாளி மூன்று பக்கெட்டிலும் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும். கடைசியாகக் கிளம்பும் டெலிவரிக்காரர் தரையைக் கூட்டிக் குப்பையை வெளியே வைக்க வேண்டும். துணிக்கடைக்காரருக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. அன்று அவர் தரையைக் கழுவித் துடைக்க வேண்டும். டம்ளரை அவரவர் அன்றிரவே கழுவிவிட வேண்டும்.

இரவு 11 மணிக்கு மேல் காதில் மாட்டித்தான் சினிமா. டியூப் லைட் கிடையாது, செல்போன் வெளிச்சம் போதும். அலாரம் ஒரே தடவை. அதுவும் சத்தமில்லாமல், தலையணைக்கு அடியில் அதிரும்படி.

பொருள்களை மூன்றாகப் பிரித்தார்கள். துண்டு, சார்ஜர், செருப்பு தொடவே கூடாது. இஸ்திரிப் பெட்டியைக் கேட்டு எடுக்கலாம். துடைப்பம், பினாயில், கொசுவத்தி பொது; அதற்கு ஆளுக்கு மாதம் 100 ரூபாய். கணக்கு ஒரு நோட்டில். இன்னொரு விஷயம்: உடையவர் தூங்கிக்கொண்டிருந்தால் "இல்லை" என்று சொன்னதாக அர்த்தம்!

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டினார்கள்.

மீண்டும் உரசல்

இரண்டாவது வாரமே சார்ஜர் காணாமல் போனது. எடுத்தவர் துணிக்கடைக்காரர். இந்தத் தடவை கைகலப்பு இல்லை. "இன்னிக்கு நடந்ததை இன்னிக்கே பேசணும், பழசைக் கிளறக் கூடாது" என்பதும் அந்தத் தாளில் இருக்கிறது. டெலிவரிக்காரர் அன்றே முகத்துக்கு நேரே கேட்டார். மறுநாள் புது சார்ஜர் வந்தது.

எல்லாச் சண்டைக்கும் இந்த வைத்தியம் செல்லாது. "காசு திருடினாலோ, குடிச்சிட்டு வந்து கை நீட்டினாலோ எங்கிட்ட பேச்சே கிடையாது. ஒண்ணு ரூம் மாறணும், இல்லன்னா போலீஸ்" என்கிறார் அண்ணாச்சி.

மூன்று மாதம் கழித்து நாம் போய்ப் பார்த்தோம். தாளின் ஓரம் சுருண்டிருந்தது. கட்டில்களுக்கு அருகே மூன்று பக்கெட்டுகள். மூன்றிலும் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது!