ஆயுள் அனுபவத்தோடு செட்டில்மென்ட்டா, உயிலா?

பெற்றோர் தம் பெயரில் உள்ள வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, உயிரோடு இருக்கும் வரை அதில் குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உள்ள உரிமையை மட்டும் தம்மிடம் நிறுத்திக்கொள்வது தமிழ்நாட்டில் பரவலான வழக்கம். பத்திர எழுத்தர்கள் இதை ‘ஆயுட்கால அனுபவ உரிமையுடன் தான செட்டில்மென்ட்’ என்பார்கள். இதே வீட்டை உயில் எழுதியும் அதே பிள்ளைக்குச் சேர்க்கலாம். இரண்டிலும் பெற்றோர் கடைசி வரை அந்த வீட்டில்தான் இருப்பார்கள், பிள்ளை அவர்கள் காலத்துக்குப் பிறகுதான் சாவியை வாங்குவார். வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடே தெரியாது. ஆனால் சட்டத்தின் கண்ணில் ஒன்றில் வீடு இன்றே பிள்ளையுடையது. மற்றொன்றில் பெற்றோர் இறக்கும் நொடி வரை பிள்ளைக்கு அதில் எந்த உரிமையும் கிடையாது.

செட்டில்மென்ட் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் கீழ் வரும் தானம். எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும், கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே பெறுபவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். வீட்டைக் காலி செய்து ஒப்படைத்தால்தான் தானம் முழுமையடையும் என்று ஒரு காலத்தில் வாதிடப்பட்டது. கொடுப்பவர் ஆயுள் அனுபவத்தை வைத்துக்கொண்டாலும் பதிவான தானம் செல்லும், சுவாதீனம் ஒப்படைப்பது கட்டாயமில்லை என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. இது இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் பொருந்தும். முஸ்லிம்களின் ஹிபாவுக்கு அவர்களுடைய தனிச் சட்டத்தின் விதிகள் வேறு.

பத்திரத்தின் தலைப்பில் ‘செட்டில்மென்ட்’ என்று இருப்பதால் மட்டும் அது செட்டில்மென்ட் ஆகிவிடாது. நீதிமன்றம் தலைப்பை விட்டுவிட்டு வாசகத்தைப் பார்க்கும். ‘இந்த வீட்டை இன்றைய தேதியில் உனக்குப் பாத்தியப்படுத்திவிட்டேன், என் ஆயுள் வரை நான் அனுபவித்து வருவேன்’ என்று எழுதியிருந்தால் உரிமை இன்றே மாறிவிட்டது, தள்ளிப்போவது அனுபவம் மட்டுமே. ‘என் காலத்துக்குப் பிறகு இந்த வீட்டை நீ அடைய வேண்டியது’ என்று மட்டும் எழுதியிருந்தால் இன்று எதுவும் மாறவில்லை. அது பதிவுக் கட்டணம் கட்டி எழுதிய உயில் என்று ஆகிவிடலாம். கொடுப்பவர் இறந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்று எழுதப்பட்ட ஒரு தானப் பத்திரத்தை முழுமையடையாத தானம் என்றும், கொடுத்தவர் அதை ரத்து செய்தது செல்லும் என்றும் 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே பத்திரத்தில் முதலில் தேட வேண்டியது உரிமை எந்த நாளில் மாறுகிறது என்று சொல்லும் வரியைத்தான்.

அந்த வரி ‘இன்று’ என்று சொன்னால், பெற்றோர் மனம் மாற இடமில்லை. வேண்டும்போது ரத்து செய்துகொள்வேன் என்று பத்திரத்திலேயே எழுதி வைத்தாலும் பயனில்லை. கொடுப்பவரின் விருப்பத்தை மட்டும் நம்பி ரத்தாகும் தானம் செல்லாது என்கிறது சட்டத்தின் 126-ஆம் பிரிவு. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நிபந்தனை மீறப்பட்டாலோ, ஏமாற்றியோ வற்புறுத்தியோ எழுதி வாங்கியிருந்தாலோதான் வழி உண்டு, அதற்கும் பொதுவாக நீதிமன்றம் போக வேண்டும். கோபத்தில் ஒருநாள் தனியாகச் சார்பதிவாளர் அலுவலகம் போய் ‘ரத்துப் பத்திரம்’ பதிவு செய்யும் வழக்கம் முன்பு இருந்தது. நிபந்தனையில்லாத செட்டில்மென்ட்டை இப்படி ஒருதலையாக ரத்து செய்யும் பத்திரத்தைப் பதிவாளர் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022-இல் சொல்லிவிட்டது.

உயில் நேர் எதிர். எழுதியவர் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்துப் போடலாம், வீட்டையே விற்றுவிடலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும். முதல் உயில் பதிவானது, பிந்தையது வீட்டில் வெள்ளைத் தாளில் எழுதியது என்றாலும் முறையாக இரண்டு சாட்சிகள் இருந்தால் பிந்தையதே வெல்லும். உயிலுக்கு முத்திரைத் தாளும் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை.

ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். கும்பகோணத்தில் 68 வயதுக் கைம்பெண் ஒருவர். தம் சம்பாத்தியத்தில் வாங்கிய, வழிகாட்டி மதிப்பில் 40 லட்சம் பெறும் வீடு. திருப்பூரில் தொழில் செய்யும் மகன். உள்ளூரில் மணமான மகள். மாடி கட்டப் பணம் தந்தவன் என்பதால் வீடு மகனுக்கு என்று தாய் முடிவு செய்கிறார். மகளுக்கு நகையாகக் கொடுத்தாகிவிட்டது. குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய் என்று 2023 ஜூலையில் உயர்த்தப்பட்டது. அந்தக் கணக்கில் இந்த வீட்டுக்கு மொத்தம் 50,000 ரூபாய். ஆயுள் அனுபவத்தைத் தாய் வைத்துக்கொள்வதால் இது குறையாது.

செட்டில்மென்ட் எழுதி ஐந்து ஆண்டு கழித்துத் தாய்க்கு அறுவை சிகிச்சைக்குப் பணம் தேவைப்படுகிறது என்று கொள்வோம். வீட்டை விற்கவோ வங்கியில் அடமானம் வைக்கவோ அவரால் முடியாது. அவரிடம் இருப்பது இருந்து அனுபவிக்கும் உரிமை மட்டுமே. மாடியை வாடகைக்கு விடலாம், அவ்வளவுதான். மகனும் சம்மதித்துக் கையெழுத்திட்டால் இருவரும் சேர்ந்து விற்கலாம். மகன் சம்மதிக்காவிட்டால் வழியில்லை.

மகன் தொழிலில் நொடித்துப்போனால் கடன்காரர்கள் அவனுடைய சொத்தாகிய இந்த வீட்டை ஜப்தி செய்யக் கேட்கலாம். ஏலம் எடுப்பவர் தாயை வெளியேற்ற முடியாது, அவர் காலம் வரை காத்திருக்க வேண்டும். மகனே வேறொருவருக்கு விற்றாலும் இதே நிலைதான். தாயின் தலைக்கு மேல் கூரை இருக்கும். ஆனால் வீடு குடும்பத்தை விட்டுப் போயிருக்கும்.

யாரும் எதிர்பார்க்காதது மகன் முன்னே இறப்பது. அப்போது வீடு தாயிடம் திரும்பாது. உரிமை ஏற்கெனவே மகனுடையது என்பதால் அது அவன் வாரிசுகளுக்குப் போகும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த மகனின் முதல் வகுப்பு வாரிசுகளில் தாயும் ஒருவர். மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தால் நால்வருக்கும் சம பங்கு. தாம் கொடுத்த வீட்டில் கால் பங்குக்குத் தாயே வாரிசாகிறார். மற்ற முக்கால் பங்கைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை.

உயில் எழுதியிருந்தால் இந்த மூன்று சூழலிலும் தாயின் கை ஓங்கியிருக்கும். அடமானம் வைத்திருப்பார், மகனின் கடன்காரர்கள் வீட்டை நெருங்கியிருக்க முடியாது, மகன் இறந்ததும் புது உயில் எழுதியிருப்பார்.

ஆனால் உயிலின் சிக்கல் எழுதியவர் போன பிறகுதான் தொடங்குகிறது. செட்டில்மென்ட்டில் கையெழுத்திட்டவர், தகராறு வந்தால் தாமே வந்து ‘ஆம், நான்தான் எழுதினேன்’ என்று சொல்ல முடியும். உயில் பேசத் தொடங்கும்போது அதை எழுதியவர் இருக்கமாட்டார். சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்தால் நீதிமன்றத்துக்கு வந்து, எழுதியவர் கையெழுத்திட்டதைக் கண்டதாகச் சொல்ல வேண்டும். தாயின் வயதையொத்த அண்டை வீட்டாரைச் சாட்சியாகப் போட்டால், தேவைப்படும் நாளில் இருவருமே இல்லாமல் போகலாம். நம்பகமான, வயதில் இளைய இருவரைப் போடுவது நல்லது. வீடு பெறும் பிள்ளையே எழுத்தரைத் தேடி, வாசகம் சொல்லி, அம்மாவை அழைத்துப் போயிருந்தால் அதுவே சந்தேகமாகும். அந்தச் சந்தேகத்தைப் போக்கும் சுமை உயிலைக் கொண்டுவருபவர் மேல் விழும் என்பது உச்ச நீதிமன்றம் 1959-இலேயே வகுத்த விதி. மகளுக்கு ஏன் வீடு இல்லை என்று உயிலில் இரண்டு வரி காரணம் எழுதி வைப்பது இத்தகைய வழக்குகளில் பெரிதும் உதவும்.

இன்னொரு வேறுபாடு குடும்ப அமைதியைத் தொடுவது. செட்டில்மென்ட் வில்லங்கச் சான்றில் வந்துவிடும். பதிவான உயில் அப்படி வராது. எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை அதன் நகல் அவருக்கோ அவர் அதிகாரம் கொடுத்தவருக்கோதான் கிடைக்கும். அம்மா வீட்டைத் தம்பிக்கு எழுதியதை அக்கா ஒரு வில்லங்கம் போட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இனி, செட்டில்மென்ட் எழுதும் பெற்றோர் அதிகம் தடுமாறும் இடம். ஆயுள் அனுபவ உரிமை வீட்டில் இருக்கத்தான், சோற்றுக்கும் மருந்துக்கும் அல்ல. ‘என்னைப் பார்த்துக்கொள்வான்’ என்ற நம்பிக்கை பத்திரத்தில் ஏறாவிட்டால் சட்டத்தில் அதற்குப் பிடிமானம் குறைவு. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, அடிப்படைத் தேவைகளைக் கவனிப்பது என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தில், பெற்றவர் தவறினால் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்க வழி செய்கிறது. 60 வயது நிறைந்தவர்கள் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். அந்த நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறி ஒரு தாய்க்கு வீட்டைத் திருப்பிக் கொடுத்தது. அந்த வழக்கில் மகன் எழுதிக் கொடுத்த உறுதிமொழிக் கடிதம் துணை நின்றது. தீர்ப்புகள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிட்டால் வாதத்துக்கு வேலை குறைவு: உணவு, மருத்துவம், மாதம் இவ்வளவு ரூபாய், தவறினால் பத்திரம் ரத்தாகும்.

பத்திரத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் அடிக்கடி விடுபடுகின்றன. வீடு அப்பா பெயரில் இருந்து, ‘என் ஆயுள் வரை’ என்று மட்டும் அவர் எழுதினால், அவர் இறந்த அன்றே ஆயுள் உரிமை முடிந்துவிடும்; அம்மாவுக்கு அந்தப் பத்திரத்தில் எந்த இடமும் இல்லை. ‘என் ஆயுளும் என் மனைவியின் ஆயுளும்’ என்று எழுத வேண்டும். சொத்து வரி, பழுதுபார்க்கும் செலவு, இடிந்தால் திரும்பக் கட்டுவது யார் பொறுப்பு என்பதையும் சேர்க்க வேண்டும்.

முன்னரே ஒரு உயில் இருந்து, பிறகு அதே வீட்டுக்குச் செட்டில்மென்ட் எழுதினால், உயிலில் அந்த வீடு பற்றிய பகுதிக்கு வேலையில்லாமல் போகும். செட்டில்மென்ட் எழுதிய பிறகு எழுதும் உயிலில் அந்த வீட்டைச் சேர்த்தாலும் பயனில்லை, கொடுக்க அவரிடம் வீடு இல்லை. இதனால்தான் மனம் உறுதியாகாத பெற்றோருக்கு முதலில் உயிலும், பிள்ளையின் நடத்தையும் தம் தேவைகளும் தெளிவான பிறகு வேண்டுமானால் செட்டில்மென்ட்டும் என்ற வரிசை பொருந்துகிறது. இந்த வரிசையை மாற்றிப் போட்டால் பின்வாங்க இடமில்லை.