ஒரு முறை திருப்பி அனுப்பலாம்

1997 அக்டோபர் 21. உத்தரப் பிரதேச சட்டமன்றத்தில் மைக்குகளைப் பிடுங்கி உறுப்பினர்கள் ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொண்டார்கள். அந்த ரகளைக்கு நடுவே முதல்வர் கல்யாண் சிங் நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றார். ஆனால் ஆளுநர் ரொமேஷ் பண்டாரி, குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவரலாம் என்று டெல்லிக்கு எழுதினார். பிரதமர் ஐ.கே. குஜ்ராலின் அமைச்சரவை அதை ஏற்று, கே.ஆர். நாராயணனுக்குப் பரிந்துரை அனுப்பியது.

நாராயணன் கையெழுத்துப் போடவில்லை. மறுபரிசீலனை செய்யுங்கள் என்று திருப்பி அனுப்பினார். அமைச்சரவை கூடிப் பேசி, பரிந்துரையைக் கைவிட்டது.

அவருக்கு இந்த வழியைத் தந்தது அரசமைப்பின் 74-வது பிரிவு. பிரதமரின் தலைமையிலான அமைச்சரவை ஆலோசனை சொல்லும் என்றுதான் அது முதலில் இருந்தது. அந்த ஆலோசனைப்படி நடந்தே தீரவேண்டும் என்று வெளிப்படையாக எழுதியிருக்கவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், 42-வது திருத்தம் அதை எழுதிச் சேர்த்தது. 1978-இல் ஜனதா ஆட்சியின் 44-வது திருத்தம் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிடவில்லை. ஒரு சலுகையை மட்டும் கொடுத்தது. ஆலோசனையை மறுபடி பரிசீலிக்கச் சொல்லலாம். பரிசீலித்தபின் அமைச்சரவை என்ன சொல்கிறதோ, அதன்படி நடக்க வேண்டும்.

அப்படியானால் ஒரு முறை திருப்பி அனுப்புவதால் என்ன லாபம்? சட்டப்படி பார்த்தால் சில நாள் தாமதம், அவ்வளவுதான். அரசியலில் அந்தச் சில நாள் சின்ன விஷயமல்ல. குடியரசுத் தலைவர் தயங்குகிறார் என்ற செய்தி வெளியே வந்துவிட்டால், அதே பரிந்துரையைத் திரும்ப நீட்ட அரசுக்குத் துணிச்சல் வேண்டும். குஜ்ராலின் கூட்டணி அரசுக்கு அது இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் பீகார். ராப்ரி தேவி அரசைக் கலைக்க வாஜ்பாய் அமைச்சரவை அனுப்பிய பரிந்துரையையும் நாராயணன் திருப்பினார். அரசு அப்போதைக்கு விட்டுவிட்டது. 1999 தொடக்கத்தில் அங்கே தலித்துகள் படுகொலை செய்யப்பட்டதும் பரிந்துரை மறுபடி வந்தது, இம்முறை கையெழுத்திட்டார். ஆனால் கையெழுத்தோடு காரியம் முடியவில்லை. 356-வது பிரிவின்படி இரண்டு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் தர வேண்டும். மாநிலங்களவையில் அரசுக்குப் பெரும்பான்மை கிடையாது. மார்ச்சில் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். ராப்ரி தேவி மறுபடி முதல்வரானார்.

மசோதா விஷயத்தில் கதை வேறு. நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவில் எத்தனை நாளுக்குள் கையெழுத்திட வேண்டும் என்று 111-வது பிரிவு கெடு எதுவும் சொல்லவில்லை. தபால்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தரும் மசோதா 1986-இல் ஜெயில் சிங்கிடம் வந்தது. அவர் ஒப்புதலும் தரவில்லை, திருப்பி அனுப்பவும் இல்லை; மேசையிலேயே வைத்திருந்து 1987-இல் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்த ஆர். வெங்கட்ராமன் அதைத் திருப்பி அனுப்பினார். அந்த மசோதா சட்டமாகவே இல்லை.